கையை மறிப்பதா, போகவிட்டுத் திருப்புவதா: டிகப்ளிங்குக்கு ஒரு தமிழ்ச் சொல்

கிளிநொச்சி, உளவளத்துணையாளர்:

எல்லோருக்கும் வணக்கம். தலைமயிர் பிடுங்குகிற, தோலை நோண்டுகிற பெரிய ஆட்களுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம். கிளினிக்குக்கு மாதத்தில் ஒருமுறைதான் வர முடிகிறவர்கள், பஸ் இல்லாத இடங்களில் இருப்பவர்கள், வீட்டில் தனியாக வாசித்துச் செய்ய வேண்டும். ‘பழக்க மாற்றுப் பயிற்சி’ என்பது இங்கே எல்லோர் வாயிலும் வந்துவிட்டது, அதை விடுங்கள். கை பாதி வழி போன பிறகு அதைத் திருப்புகிற டிகப்ளிங் என்ற முறைக்குத்தான் சொல் வேண்டும். கையில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு ‘திசைதிருப்பல்’ என்கிறது. கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதுகிற ஒரு அக்கா அதை வாசித்துவிட்டு, மனதைத் திசைதிருப்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து, கணக்கு எழுதும்போது ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாட்டும் ஓடியது, இடது கை தன்பாட்டில் உச்சிக்கும் போனது. (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.)

மல்லாவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளை, ‘பிணைப்பவிழ்ப்பு’ என்று வையுங்கள். பிணைந்து கிடப்பதை அவிழ்ப்பது. ‘திசைதிருப்பல்’ ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிற சொல், அதன் தலையில் இன்னொன்றைக் கட்டக்கூடாது.

வவுனியா, தாதி உத்தியோகத்தர்:

மாஸ்டர், அவிழ்ப்பு நல்ல சொல்தான், ஆனால் இவ்வளவு தேட வேண்டுமா? கை மயிருக்குப் போகாமல் வேறொன்றைச் செய்ய வைப்பதுதானே பழக்க மாற்றுப் பயிற்சியும். பொத்திப் பிடி, பந்தை நசி என்று நாங்கள் வார்ட்டில் சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டுக்கும் ‘மாற்றசைவு’ என்று ஒரே பெயர் போதும். இன்னொன்று, எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இதெல்லாம் யுத்தத்தால் வந்த மன அழுத்தம், அது இறங்கினால் கையும் நிற்கும்.

மாங்குளம், உளநல மருத்துவ அதிகாரி:

தங்கச்சி சொல்வதில் பாதி சரி. இரண்டிலும் கைக்கு வேறு வேலை கொடுக்கிறோம். எந்த இடத்தில் கொடுக்கிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. அஸ்ரினும் நனும் 1973இல் எழுதிய பழக்க மாற்றுப் பயிற்சியில், கை கிளம்பப் போகிறது என்று தெரிந்தவுடனேயே அதை மறிக்கிறோம். பிடுங்கவே முடியாத ஒரு நிலையில் கையை வைத்து, ஒரு நிமிடமோ உந்தல் அடங்கும் வரையோ அப்படியே இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஸ்டெஃபன் மோரிட்ஸும் கூட இருந்தவர்களும் 2011இல் கொண்டுவந்த டிகப்ளிங்கில் கையை மறிப்பதே இல்லை. வழமையான பாதையில் போக விடுகிறோம், முகத்துக்கோ தலைக்கோ கிட்டப் போனதும் கடைசி நேரத்தில் வேகமாக வேறு பக்கம் இழுக்கிறோம். தொடக்கம் பழையது, முடிவு மட்டும் புதியது.

அந்த அக்காவையே எடுத்துப் பாருங்கள். வலது கையில் பேனை, இடது கை சும்மா இருக்கிறது. கன்னத்தைத் தடவி, காதுக்கு மேலால் ஏறி, உச்சியில் தடித்த மயிர் ஒன்றைத் தேடி, ஆட்காட்டி விரலில் சுற்றும். இவ்வளவும் அவருக்குத் தெரியாமலே நடந்தது. அதனால் முதல் வேலை, அந்தப் பயணத்தை அவரே மெதுவாக நடித்துக் காட்டி, எந்த இடத்தில் ‘இப்போது தொடங்குகிறது’ என்று சொல்ல முடிகிறது எனப் பார்ப்பது. கன்னம் என்றார். மறிப்பு என்றால், கை கன்னத்துக்கு வந்ததும் இறக்கி, கொப்பியின் விளிம்பை இறுகப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருப்பது. கடையில் அது நன்றாக வேலை செய்தது, வாடிக்கையாளர் நின்றால்கூடத் தெரியாது. இரவில் கட்டிலில் படுத்தபடி போன் பார்க்கும்போதுதான் சரிவரவில்லை. கன்னத்தில் கை வைத்துப் படுப்பதே வழக்கம், அங்கே எச்சரிக்கை எப்படி வரும்? கவனிக்கும்போது விரல் ஏற்கெனவே மயிரில். அதற்குத்தான் மற்றது. காதைத் தாண்டி, மயிரைத் தொட நாலு விரல் இடைவெளி இருக்கும்போது கையைச் சட்டென்று வெளியே வீசி, கட்டில் சட்டத்தைத் தொட வேண்டும். உந்தல் இல்லாத நேரத்திலும் ஒரு நாளில் பலமுறை செய்து பழக வேண்டும், அப்போதுதான் உந்தல் வரும்போது கை தானாக அந்த வழியில் போகும்.

ஆட்கள் வழக்கமாகத் தவறவிடுவது அந்த வீச்சை. மெதுவாக, மரியாதையாகக் கையை விலக்குவார்கள், கை கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும். செய்து காட்டச் சொன்னால் பிடிபட்டுவிடும்.

யுத்தம் பற்றி: அவருக்கு இது தொடங்கியது பள்ளிக்கூடக் காலத்தில், பரீட்சைக்குப் படிக்கும்போது. வளரும் பருவத்தில் தொடங்குவதுதான் பெரும்பாலும். கேட்காமல் யுத்தத்தில் போடாதீர்கள். அழுத்தம் கூட்டும் குறைக்கும், ஆனால் அழுத்தமே இல்லாமல் அலுப்படிக்கும்போதும் கை போகும்.

முல்லைத்தீவு, ஆசிரியை:

நான் சொல்லுக்கு உதவ மாட்டேன், ஒரு கேள்விதான். எனக்கு மயிர் இல்லை, தோல். நுளம்பு கடித்த இடம், சூடடிப்பு நேரத்தில் சுணை பட்டுச் சொறிந்த இடம், பொருக்கு வந்தால் விடவே மாட்டேன். அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று பருவைக் கிள்ளுவது. வேப்பெண்ணெய் பூசினால் நிற்கும் என்றார்கள், பூசினேன், வழுக்கியதே தவிர நிற்கவில்லை. நீங்கள் சொல்கிற வீச்சை எதில் முடிப்பது? காதுச்சோணையைத் தொடு என்று எங்கோ வாசித்தேன், இப்போது காதின் பின்னால் ஒரு புண்.

மாங்குளம், உளநல மருத்துவ அதிகாரி:

டீச்சர், காதுச்சோணை மயிர் பிடுங்குகிறவருக்கு ஒத்துவரும், தோல் நோண்டுகிறவருக்கு அது அடுத்த இடமாகிவிடும். வீச்சைத் தோலுக்கு வெளியே முடியுங்கள், கதிரைக் கை, மேசை, வெறும் காற்றென்றாலும் சரி. கண்ணாடி முன்னால் நிற்பது வேறு கதை. அங்கே கை தெரியாமல் போகவில்லை, நீங்களே தேடிப் போகிறீர்கள். அதற்குக் கை அசைவை மட்டும் பழக்கிப் போதாது. கண்ணாடிக்குக் கிட்ட நிற்காமல், விளக்கைக் குறைத்து, விரல் நுனியில் பிளாஸ்டர் ஒட்டிப் பாருங்கள். எந்த உணர்ச்சியை அது அடக்குகிறது என்று யாரோடாவது இருந்து பேசவும் வேண்டும். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், காய்ச்சல் வந்தால், முதலில் வைத்தியசாலை. மயிர் பிடுங்குகிறவர்களில் விழுங்குகிற பழக்கம் உள்ளவருக்கு வயிற்று வலியோ வாந்தியோ வந்தாலும் அப்படித்தான்.

புதுக்குடியிருப்பு, மொழிபெயர்ப்பாளர்:

அப்படியென்றால் இரண்டு சொல் கட்டாயம் வேண்டும். முதலாவதற்கு ‘போட்டித் துலங்கல்’ என்று ஒரு கையேட்டில் கண்டேன், வாசிக்கிறவர் விளையாட்டுப் போட்டி என்று நினைப்பார். ‘மறிப்பு’ என்றே வைக்கலாம். இரண்டாவதற்கு ‘வெட்டித்திருப்பல்’. குறுக்கே மாடு வந்தால் சைக்கிளை வெட்டித் திருப்புகிறோமே, போகிற வேகமும் இருக்கிறது, கடைசி நேரமும் இருக்கிறது, சட்டென்ற இழுப்பும் இருக்கிறது.

கிளிநொச்சி, உளவளத்துணையாளர்:

வாசித்தவுடன் கை அசைவு கண்ணுக்குள் வருகிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிளேட்டால் பொருக்கை எடுக்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கிற தாளில் ‘வெட்டி’ என்று பெரிய எழுத்தில் போட மனம் வரவில்லை. ‘வீசித்திருப்பல்’ என்றால்?

மல்லாவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வீசினால் எறிவது போலல்லவா இருக்கிறது. துண்டுப்பிரசுரத்துக்கு எதை வேண்டுமானாலும் போடுங்கள், கலைச்சொல் பட்டியலில் என் ‘பிணைப்பவிழ்ப்பு’ இருக்கட்டும். டொக்டர் சொன்ன பழைய தொடக்கத்துக்கும் பழைய முடிவுக்கும் இடையிலுள்ள பிணைப்பைத்தானே அவிழ்க்கிறார்கள்.

வவுனியா, தாதி உத்தியோகத்தர்:

சரி, ஒரே பெயர் போதும் என்றதை வாபஸ் வாங்குகிறேன், பந்தை நசிக்கிறது மறிப்புத்தான். ஆனால் டொக்டர், கடையில் மறிப்பு, கட்டிலில் மற்றது என்று ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுத்தால் குழம்ப மாட்டாரா?

மாங்குளம், உளநல மருத்துவ அதிகாரி:

குழம்புகிறவரும் உண்டு. அவருக்கு ஒன்றை மட்டும் கொடுத்துச் சில கிழமை பார்ப்பேன். ஆராய்ச்சிப் பலம் மறிப்புப் பக்கம்தான் கூட, டிகப்ளிங்குக்கு ஆய்வுகள் குறைவு. ஆனால் தனியாக வாசித்துச் செய்வதற்கென்றே அதை உருவாக்கினார்கள், நம்முடைய தூரத்துக்கு அது ஒரு வசதி. அந்த அக்காவுக்கு உச்சியில் குட்டி மயிர் வந்துவிட்டது, கடையில் ஆண்டிறுதி இருப்புக் கணக்கெடுப்பு வந்தபோது மறுபடி கொஞ்சம் போனது. இரண்டையும் இன்னும் செய்கிறார்.

கிளிநொச்சி, உளவளத்துணையாளர்:

அச்சுக்குக் கொடுக்கிற பிரதியில் ‘மறிப்பு’ உறுதி. மற்றதற்கு ‘வீசித்திருப்பல்’, ‘வெட்டித்திருப்பல்’ இரண்டையும் படத்தோடு போட்டு அடுத்த கிளினிக்கில் காட்டுகிறேன். பெயரை வாசித்ததும் கையை எப்படி அசைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். படத்தில் கை கன்னத்திலிருந்து தொடங்க வேண்டும், மடியிலிருந்து அல்ல. வரைகிற தம்பி இதைக் கவனிக்கவும்.