முடிவுறா உற்பத்திக் கணக்கின் மீதியும் ஆலையில் இருக்கும் சரக்கும் ஒத்துவரவில்லை: உதவி தேவை

மாதக்கடைசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியமச் செலவு முறையில் கணக்கு வைக்கிறோம். பேரேட்டில் டபிள்யு.ஐ.பி. எனப்படும் முடிவுறா உற்பத்திக் கணக்கின் மீதி 18,40,000 என்று நிற்கிறது. ஆனால் ஆலைத் தளத்தில் எண்ணிப் பார்த்தபோது 6,10,000 மதிப்புக்குத்தான் சரக்கு இருக்கிறது. மாத முடிவுப் பணிகள் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டோம். எங்கும் பிழைச் செய்தி வரவில்லை. நாளை மாலைக்குள் கணக்கை மூட வேண்டியிருப்பதால், மீதித் தொகையை மாறுபாட்டுக் கணக்குக்குக் கைப்பதிவாக மாற்றிவிடலாமா என்று சொல்லுங்கள்.

ஆலைத்தளம் எழுதியது:

கைப்பதிவு போடுவதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். எந்த மென்பொருள்? ஒவ்வொரு தொகுதிக்கும் தனி உற்பத்தி ஆணை போடுகிறீர்களா, அல்லது ஒரு பொருளுக்கு ஒரே செலவுச் சேகரிப்பாளரை மாதம் முழுவதும் வைத்திருக்கிறீர்களா? திறந்திருக்கும் ஆணைகள் எத்தனை, அவற்றின் நிலைக் குறியீடு என்ன? இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

துலாக்கோல் எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான் இங்கே பல முறை பதில் எழுதியிருக்கிறேன். கேட்பவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிஞ்சும். ஆண்டின் நடுவில் நியமச் செலவைத் திருத்தியிருப்பீர்கள். கிடங்கில் உள்ள சரக்கு புதிய விலைக்கு மறுமதிப்பீடு ஆகிவிடும்; ஆணைகளில் நிற்கும் செலவு பழைய விலையிலேயே இருக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் வித்தியாசம். செலவுக் கணக்கில் அடிப்படைப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும்.

மாதக்கடைசி எழுதியது:

விவரங்களை விட்டதற்கு மன்னிக்கவும். மென்பொருள் எஸ்ஏபி. தொகுதிக்கு ஒரு ஆணை. திறந்த ஆணைகள் 312. அவற்றில் பெரும்பாலானவற்றின் நிலை PDLV, அதாவது ஒரு பகுதி மட்டும் கிடங்குக்கு வந்தது, என்று காட்டுகிறது. நியம விலையை நான்கு மாதங்களுக்கு முன் திருத்தியது உண்மைதான், ஆனால் உயர்வு சிறியது.

நெய்தல் எழுதியது:

PDLV என்று நீங்கள் சொன்னதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் ஆணைகளில் ஒன்றைப் போல ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஆணை 1,000 எண்ணிக்கைக்கு. ஒன்றின் நியமச் செலவு 50. அதில் மூலப்பொருள் 30, இயந்திரமும் உழைப்பும் 20. மூலப்பொருள் முழுவதும் வெளியிடப்பட்டது, வேலை நேரம் முழுவதும் பதிவானது; ஆகவே ஆணையின் பற்று 50,000. கடைசிப் பரிசோதனையில் 40 நிராகரிக்கப்பட்டு, 960 மட்டும் கிடங்குக்கு வந்தது. வரவு 960 × 50, அதாவது 48,000. ஆணையில் எஞ்சுவது 2,000.

இந்த 2,000 எதைக் குறிக்கிறது? தளத்தில் ஒரு பொருளும் இல்லை. அந்த 40 கழிவாகிப் போய்விட்டன. ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாது. 1,000 கேட்கப்பட்டது, 960 வந்திருக்கிறது, மீதி 40 இன்னும் வரக்கூடும் என்றே அது கருதுகிறது. ஆணை முழுவதும் வந்துவிட்டது என்னும் DLV நிலையோ, தொழில்நுட்ப அளவில் முடிந்தது என்னும் TECO நிலையோ வராத வரையில், பற்றுக்கும் வரவுக்கும் உள்ள இடைவெளியை அது முடிவுறா உற்பத்தியாகவே கணக்கிடும். மாறுபாட்டுக் கணக்கீடு அந்த ஆணையைத் தொடவே தொடாது. எல்லாம் விதிப்படி நடப்பதால்தான் உங்களுக்குப் பிழைச் செய்தி வரவில்லை.

இப்படி ஒவ்வொரு தொகுதியிலும் சிறிது சிறிதாக எஞ்சும் நட்டம் மாதக்கணக்கில் சொத்தாக நின்றுவிடுகிறது. கைப்பதிவு போட்டால் பேரேடு மட்டும் மாறும். ஆணைகளில் மீதி அப்படியே இருக்கும். பின்னர் யாரேனும் அந்த ஆணைகளை மூடும்போது அதே தொகை இரண்டாம் முறை மாறுபாட்டுக்குப் போகும். ஆகவே கைப்பதிவு வேண்டாம்.

`COOIS` பட்டியலில் PDLV உள்ளவற்றை எடுத்து, DLV, TECO, மூடப்பட்டது என்னும் CLSD ஆகியவை உள்ளவற்றை விலக்கி, கடைசியாகச் சரக்கு நகர்ந்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். இரண்டு மாதமாக அசைவில்லாதவற்றை ஆலையினரிடம் காட்டி, வேலை முடிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகே TECO போடுங்கள். அதன்பின் மேற்செலவு ஏற்றல், முடிவுறா உற்பத்திக் கணக்கீடு, மாறுபாட்டுக் கணக்கீடு, ஆணைத் தீர்வு என்று இதே வரிசையில் ஓட்டுங்கள்:

```
CO43 → KKAO → KKS1 → CO88
```

கடைசிப் படி ஓடும்வரை பேரேட்டில் எதுவும் மாறாது; `KKAO` கணக்கிடுகிறது, பதிவு `CO88` ஓடும்போதுதான் விழுகிறது. மேலே சொன்ன ஆணையில் முடிவுறா உற்பத்தியிலிருந்து 2,000 நீங்கி, மாறுபாட்டில் 2,000 சேர வேண்டும். நிராகரிப்பை வேலை உறுதிப்பதிவில் தெரிவித்திருக்காவிட்டால் அது கழிவு மாறுபாடாகக் காட்டாது; மூலப்பொருளில் 1,200, வேலை நேரத்தில் 800 என்று அளவு மாறுபாடாகவே வரும். அதைப் பார்த்து யாரோ மூலப்பொருளை அதிகம் பயன்படுத்தினார்கள் என்று ஆலையினரைக் குறைசொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வி. தளத்தில் எண்ணியதை எந்த விலையில் மதிப்பிட்டீர்கள்? மூலப்பொருளுக்கு மட்டுமா, அதுவரை ஏறிய உழைப்பையும் சேர்த்தா?

துலாக்கோல் அவர்கள் சொன்னதும் ஒரு பங்கு சரிதான். விலையைத் திருத்தும்போது ஆணைகளில் நிற்கும் செலவு மறுமதிப்பீடு ஆவதில்லை. ஆனால் சிறிய உயர்வு ஒன்று, மீதியைத் தள இருப்பைப் போல் மூன்று மடங்காக்க முடியாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது, ஆனால் மீதி எதிர்மறையாக வந்தது. உறுதிப்பதிவின்போது முடிந்த பொருள் தானாக வரவாகிவிடும். மூலப்பொருள் தானாக வெளியேற வேண்டிய பதிவோ, இருப்பு இல்லாததால் தோற்று `COGI` பட்டியலில் தேங்கிவிடும். வரவு மட்டும் ஏறி, பற்று ஏறாமல் நின்றது. அந்தப் பட்டியலைச் சுத்தம் செய்தவுடன் சரியாகிவிட்டது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

நெய்தல் எழுதியது:

உங்களுடையது வேறு நோய், கணக்குப்பிள்ளை ஐயா. அவருக்கு மீதி கூடுதலாக நிற்கிறது, உங்களுக்குக் குறைவாக நின்றது. ஆயினும் TECO போடுவதற்கு முன் `COGI` பட்டியலைப் பார்ப்பது அவசியம். மூலப்பொருள் வெளியேறாத ஆணையை மூடினால் இந்த மாதம் பொய்யான சாதக மாறுபாடு வரும். பிறகு அந்தப் பதிவைச் சரிசெய்யும் மாதத்தில் அதே தொகை பாதகமாகத் திரும்பும்.

ஆலைத்தளம் எழுதியது:

312 ஆணைகளை ஒவ்வொரு மாதமும் கையால் பார்ப்பது நடக்கிற காரியம் அல்ல. பொருள் பதிவேட்டில் குறைவு விநியோகச் சகிப்பு அளவை 5 சதவீதம் என்று வைத்துவிட்டால், 950 வந்தவுடனேயே DLV தானாக விழுந்துவிடுமே?

நெய்தல் எழுதியது:

விழும்; ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 955 கிடங்குக்கு வந்து, மீதி 45 உண்மையிலேயே தளத்தில் முடியும் நிலையில் இருக்கும்போது மாதம் மூடினால், நல்ல சரக்கின் செலவு மாறுபாடாகப் போய்விடும். அடுத்த மாதம் அந்த 45 வரவாகும்போது சாதக மாறுபாடு தோன்றும். ஒரே நாளில் தொகுதி முழுவதும் கிடங்குக்கு வந்துவிடும் பொருள்களுக்குச் சகிப்பு அளவு பொருந்தும். பல நாள்களாகப் பகுதி பகுதியாக வரும் பொருள்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு, கடைசி வரவைப் பதிவு செய்பவரே விநியோகம் முடிந்தது என்னும் குறியை இடுவது நல்லது.

ஐந்தொகை எழுதியது:

நான் தணிக்கைப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பன்னாட்டு நியமமான ஐஏஎஸ் 2, வழக்கத்துக்கு மீறிய கழிவின் செலவைச் சரக்கிருப்பில் சேர்க்கக்கூடாது, நேர்ந்த காலத்திலேயே செலவாக எழுத வேண்டும் என்கிறது. அந்த 2,000 ஒரு நாளும் சொத்தாக நின்றிருக்கக் கூடாது. இந்த ஆணைகளில் எத்தனை சென்ற ஆண்டைச் சேர்ந்தவை என்பதையும் தனியே எடுத்து வையுங்கள். தொகை பெரிதாக இருந்தால் அது இந்த மாதத்து மாறுபாடு அல்ல, முந்தைய ஆண்டின் பிழை என்று நாங்கள் கேட்போம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வழக்கத்துக்கு மீறியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் ஆலையில் நூற்றுக்கு நான்கு எப்போதும் போகும். அதை நியமச் செலவிலேயே திட்டமிட்ட கழிவாகச் சேர்த்துவிட்டோம். இந்த எடுத்துக்காட்டில் அப்படிச் செய்தால் ஒன்றின் செலவு 50-க்குப் பதில் ஏறக்குறைய 52.08 ஆகும், 960 வரவானதும் 50,000 ஏறத்தாழ முழுவதும் தீர்ந்துவிடும், மீதியே நிற்காது.

துலாக்கோல் எழுதியது:

அப்படிச் சேர்த்துவிட்டால் அந்த நான்கு எண்ணிக்கைக்கு இனி யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை. நியமச் செலவு என்பது நல்ல முறையில் வேலை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கான அளவுகோல். கழிவை அதற்குள் புதைத்தால் மாறுபாட்டு அறிக்கை சுத்தமாக இருக்கும், ஆலை அப்படியே இருக்கும்.

ஐந்தொகை எழுதியது:

கட்டுப்பாட்டுக்காக இறுக்கமான நியமம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் சரக்கிருப்பை அந்த நியமத்தில் மதிப்பிடுவதானால், அது உண்மைச் செலவுக்கு ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பதும் அதே ஐஏஎஸ் 2 சொல்வதுதான். தவிர்க்க முடியாத கழிவை நியமத்தில் சேர்க்காமல் விட்டால் சரக்கிருப்பு குறைத்து மதிப்பிடப்படும். அப்போது மாறுபாட்டில் ஒரு பங்கைச் சரக்கிருப்புக்கே திருப்பிப் பகிர வேண்டியிருக்கும்.

துலாக்கோல் எழுதியது:

தவிர்க்க முடியாதது எது என்பதை ஆலையே முடிவு செய்தால் அது ஆண்டுக்கு ஆண்டு வளரும். இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. முதல் பதிலில் நான் விலைத் திருத்தத்தைப் பெரிதாகச் சொன்னது பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆணைகளின் நிலையைக் கேட்காமல் சொன்னேன்.

மாதக்கடைசி எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். கைப்பதிவு போடவில்லை. தளத்து எண்ணிக்கையை மூலப்பொருள் விலையில் மட்டும் மதிப்பிட்டிருந்தோம். ஏறிய உழைப்பைச் சேர்த்ததும் அது 7,30,000 ஆனது, வித்தியாசம் 11,10,000 ஆகக் குறைந்தது. 31 ஆணைகள் `COGI` பட்டியலில் இருந்தன, அவற்றைத் தொடாமல் தனியே வைத்திருக்கிறோம். ஆலையினர் முடிந்ததாக உறுதி செய்த 214 ஆணைகளுக்கு TECO போட்டு ஓட்டியதில் 9,85,000 மாறுபாட்டுக்குப் போனது. இன்னும் 1,25,000 நிற்கிறது. சென்ற ஆண்டு ஆணைகளின் பட்டியலைத் தணிக்கையாளரிடம் கொடுத்துவிட்டோம்.

நெய்தல் எழுதியது:

அந்த 31 ஆணைகளில் மூலப்பொருள் பதிவானால் மீதி இன்னும் கூடும், குறையாது. ஆகவே உங்கள் உண்மையான வித்தியாசம் 1,25,000-ஐவிடப் பெரியது. அவற்றைச் சரிசெய்த பிறகு, விலைத் திருத்தத்துக்கு முன் தொடங்கி இன்னும் திறந்திருக்கும் ஆணைகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். அந்த ஆணைகள் எத்தனை என்று சொல்ல முடியுமா?