உதவி: ஷீட் கூரைக்கு பர்லின் 5 அடிக்கு ஒன்று போதுமா? அவசரம்

தங்கச்சிமடத்தான்
வணக்கம். வீட்டின் முன்பக்க ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டு கலர் ஷீட் போடுகிறோம். ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப், அதாவது பர்லின், 5 அடிக்கு ஒன்று போதும் என்கிறார் வெல்டர். ஷீட் கடைக்காரர் 4 அடி வை என்கிறார். யார் சொல்வது சரி? நாளைக் காலை வேலை ஆரம்பம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

உச்சிப்புளி ஃபேப்ரிகேஷன்
தம்பி, ஷீட் என்ன கனம்? ஷீட்டில் வரும் மேடு எவ்வளவு உயரம்? சரிவு நீளம் எத்தனை அடி, பர்லினைத் தாங்கும் ட்ரஸ் சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு, பர்லினுக்கு என்ன பைப், கடல் எவ்வளவு தூரம்? இதெல்லாம் தெரியாமல் 4 என்றும் சொல்ல முடியாது, 5 என்றும் சொல்ல முடியாது.

தேவிபட்டினம் ஓட்டுவீடு
5 அடியா? எங்கள் வீட்டில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒன்று அடித்திருக்கிறோம். ஒரு வரிசை மட்டும் ஆசாரி 13 வைத்துவிட்டார். அந்த வரிசையில் ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது குறைந்து, வாடைக்காற்றோடு மழை வந்தால் உள்ளே சாரல். வாங்கிய ஓட்டைத் தரையில் அடுக்கி, நெருக்கி ஒரு அளவு, இழுத்து ஒரு அளவு எடுத்து, நடுவில் வருவதை ரீப்பருக்கு வையுங்கள்.

மூத்த மேற்பார்வை
அவர் கேட்பது ஷீட்டுக்கு, ஓட்டுக்கு இல்லை. ஓட்டுக்கு இடைவெளியை ஓட்டின் நீளமும் பின்பக்கக் கொக்கியும்தான் முடிவு செய்யும், பலம் இல்லை. இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வருகிறது. பழையதைப் படித்துவிட்டுக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. பொதுவாக 4 அடி. அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்தான்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஷீட் கனம் 0.40 மி.மீ. என்று கடையில் சொன்னார்கள். மேடு ஒரு அங்குலம் இருக்கும், அளக்கவில்லை. சரிவில் ஷீட் நீளம் 14 அடி. ட்ரஸ் 10 அடிக்கு ஒன்று. பர்லினுக்கு 2 அங்குலத்துக்கு 1 அங்குலப் பைப். கடல் 300 மீட்டர்தான். இரண்டு பக்கச் சரிவு.

பனைக்குளத்தான்
0.40 எல்லாம் கரண்டி மாதிரி வளையும். 0.50 வாங்குங்கள், 5 அடி தாராளமாகத் தாங்கும்.

உச்சிப்புளி ஃபேப்ரிகேஷன்
பனைக்குளத்தார் சொன்னதில் பாதி சரி. கனம் கூடினால் பலம் கூடும், ஆனால் அதே விகிதத்தில்தான். 0.40 இலிருந்து 0.50 போனால் கால் பங்கு கூடும். இடைவெளியைக் குறைத்தால் வித்தியாசம் வேறு ரகம். ஷீட் தொய்வது இடைவெளியின் நான்காம் மடியில் ஏறுகிறது. மூன்றரை அடியில் எவ்வளவு தொய்யுமோ அதைப்போல 4 மடங்கு 5 அடியில் தொய்யும். மேட்டின் உயரமும் அதுபோலத்தான், ஒரு அங்குல மேட்டை விட ஒன்றரை அங்குல மேடு நன்றாகவே விறைப்பாக நிற்கும். ஆனால் நீங்கள் வாங்கியது ஒரு அங்குலம், அதை வைத்துப் பேசுவோம். இன்னொன்று, கடையில் சொல்லும் கனம் பெரும்பாலும் பூச்சையும் சேர்த்தது. உள்ளே இருக்கும் இரும்பு இன்னும் மெல்லியது.

இப்போது உங்கள் கணக்கு. 14 அடி ஷீட்டில் இறவாரத்தில் 9 அங்குலம் வெளியே நீட்டி, முகட்டில் 3 அங்குலம் விட்டால், முதல் பர்லினுக்கும் கடைசி பர்லினுக்கும் நடுவே 13 அடி. உங்கள் வெல்டர் என்ன செய்வார் தெரியுமா? டேப்பை இறவாரத்தில் வைத்து 5, 5 என்று குறித்துக்கொண்டே போய், மிச்சம் வரும் 3 அடியை முகட்டில் விடுவார். அதாவது காற்று அதிகம் பிடித்து இழுக்கும் இறவாரத்தில் பெரிய இடைவெளி. அதோடு ஷீட் நடுவில் இரண்டு பக்கமும் தொடர்ந்து போவதால் விறைப்பாக இருக்கும், ஓரத்து இடைவெளியில் ஒரு பக்கம்தான் பிடிப்பு. ஓரம்தான் முதலில் வளையும்.

நீங்கள் கீழிருந்து 3, மூன்றரை, மூன்றரை, 3 என்று வையுங்கள். மொத்தம் 13. நாலு வரிசைக்குப் பதில் ஐந்து வரிசை, சரிவுக்கு ஒரு பைப் மட்டும் கூடுதல்.

ஆனால் எனக்குப் பயம் அதில் இல்லை. 2க்கு 1 பைப் 10 அடி தனியாக நிற்பதுதான் பிரச்சினை. நடுவில் ஒரு ட்ரஸ் போட்டு 5 அடியாக்குங்கள், பைப்பை வளைக்கும் அழுத்தம் கால் பங்காகிவிடும். பைப்பைப் படுக்க வைக்காமல் 2 அங்குலம் செங்குத்தாக நிற்கும்படி வெல்ட் பண்ணச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான்.

மூத்த மேற்பார்வை
ஸ்க்ரூவை மறந்துவிட்டீர்கள். பள்ளத்தில் அடிக்க வேண்டும், அப்போதுதான் பர்லினோடு ஒட்டிப் பிடிக்கும். மேட்டில் அடித்தால் இறுக்கும்போது மேடு நசுங்கிவிடும்.

பனைக்குளத்தான்
பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியில் ஓட்டை. உப்புக்காற்றில் ரப்பர் வாசர் காய்ந்து வெடித்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒழுகும். இந்தக் கரையில் மேட்டில் அடிக்காத வீடு எங்கே இருக்கிறது?

மூத்த மேற்பார்வை
எல்லோரும் செய்வதால் சரியாகிவிடாது.

பனைக்குளத்தான்
எல்லோரும் ஒழுகாமல் இருக்கிறார்களே ஐயா.

உச்சிப்புளி ஃபேப்ரிகேஷன்
இரண்டு பேரும் இரண்டு வேறு குறையைச் சொல்கிறீர்கள். நான் மேட்டில்தான் அடிக்கிறேன், வாசர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துகிறேன். ஷீட் கம்பெனி என்ன சொல்கிறதோ அதைப் பார்ப்பது நல்லது. எண்ணிக்கைதான் எனக்கு முக்கியம். பேச்சுக்கு, காற்று சதுர மீட்டருக்கு 150 கிலோ மேல்நோக்கி இழுக்கிறது என்று வையுங்கள். பர்லின் 5 அடி, ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில், அதாவது 40 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ என்றால், ஒவ்வொன்றுக்கும் 90 கிலோ. மூன்றரை அடியில் எல்லா மேட்டிலும் அடித்தால் 32 கிலோ. இறவாரத்திலும் முகட்டிலும் எல்லா மேட்டிலும் அடியுங்கள், நடுவில் வேண்டுமானால் ஒன்றுவிட்டு ஒன்று.

அப்புறம் ஒன்று. ஓட்டைப் பிரிக்கிறீர்கள் என்றீர்களே, அந்தப் பழைய சுவர்மேல்தானே ட்ரஸ் உட்காரப் போகிறது? 100 சதுர அடிக்கு மங்களூர் ஓடு 350 கிலோ வரும், அந்தக் கனம்தான் கூரையை அமுக்கி வைத்திருந்தது. ஓட்டின் இடுக்கில் காற்றும் புகுந்து வெளியேறும். ஷீட் அதே பரப்புக்கு 40 கிலோ, இடுக்கும் கிடையாது. கச்சானுக்கும் புயலுக்கும் கூரை முழுசாகத் தூக்கும். சுவர்மேல் கான்கிரீட் பெல்ட் இருக்கிறதா, அதில் போல்ட் இறக்கி பேஸ் பிளேட் வைக்கிறார்களா என்று பாருங்கள். செங்கலில் போல்ட் அடித்து நம்பாதீர்கள்.

கீழக்கரை அக்கா
எங்கள் மாடி ஷெட்டில் காற்றடித்தால் ஷீட் படபடவென்று அடிக்கிறது. இரவில் தூக்கமே இல்லை. இதுவும் பர்லின் பிரச்சினையா?

உச்சிப்புளி ஃபேப்ரிகேஷன்
பெரும்பாலும் அதுதான் அக்கா. பகலில் ஏறி, ஸ்க்ரூவைச் சுற்றிய ஓட்டை நீள்வட்டமாகியிருக்கிறதா பாருங்கள். ஆகியிருந்தால் ஷீட் ஆடி ஆடி ஓட்டையை அறுத்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் ஒரு பைப் செருகலாம். ஏறும்போது பர்லின் இருக்கும் கோட்டில் மட்டும் கால் வையுங்கள், நடுவில் மிதித்தால் மடங்கிவிடும்.

தங்கச்சிமடத்தான்
எல்லோருக்கும் நன்றி. வெல்டர் முணுமுணுத்தார், ஐந்து வரிசைக்கு ஒத்துக்கொண்டார். நடு ட்ரஸ்ஸுக்கு தனிக் கூலி கேட்கிறார், பேசிக்கொண்டிருக்கிறேன். ஷீட் 0.40 தான், ஏற்கனவே வெட்டி இறக்கியாகிவிட்டது.

உச்சிப்புளி ஃபேப்ரிகேஷன்
சரி. சுவர்மேல் பெல்ட் இருக்கிறதா என்று சொல்லவே இல்லையே?

மூத்த மேற்பார்வை
ஸ்க்ரூ மேட்டிலா பள்ளத்திலா என்றும் சொல்லவில்லை.