எத்தனை சதவீதம் மாற்றினால் அது திருத்தி எழுதியது ஆகும்?

மலர்
இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தித் தருகிறேன். வரைவுக்கும் இறுதிப் பிரதிக்கும் எத்தனை குறியீடு வித்தியாசம் என்று மென்பொருள் எண்ணும், கூலியும் அதன்படிதான். எழுத்து, அதன் புள்ளி, அதன் உயிர்க்குறி எல்லாம் தனித்தனிக் குறியீடு. 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெறும் சரிபார்ப்பு. ஒரு மருந்துத் தாளில் “மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டும்” என்று வந்திருந்தது. மூலத்தைப் படித்து ‘வேண்டாம்’ என்று மாற்றினேன். இடைவெளியும் சேர்த்து 50 குறியீடுகளில் ஒன்றுதான் மாறியது. அதாவது 2 சதவீதம். ஒரு நோயாளி மாத்திரையை நிறுத்தியிருப்பார், அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கதிரவன்
சொல் வாரியாக எண்ணச் சொல்லுங்கள். 5 சொல்லில் 1 மாறினால் 20 சதவீதம். அதுதான் நியாயம்.

பொன்னி
கதிரவன், அது மறுபக்கம் சாயும். என்னிடம் ஒரு வாழ்க்கை வரலாறு வந்தது. இயந்திரம் அவரை முழுக்க ‘அவன்’ என்றே எழுதியிருந்தது. ‘அவன் வந்தான்’ என்பது ‘அவர் வந்தார்’ ஆனால் இரண்டு சொல்லும் மாறிவிட்டதாகக் கணக்கு, 100 சதவீதம். தமிழில் விகுதி சொல்லோடு ஒட்டியிருப்பதால் சின்ன மாற்றமும் முழுச் சொல்லாகத் தெரியும். ஆனால் அந்த நூலில் ஒரு வாக்கியத்தின் அமைப்பைக்கூட நான் தொடவில்லை.

இன்னொன்று. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே. வரைவு ஒருவிதம், உங்கள் விசைப்பலகை இன்னொருவிதம் என்றால், தொடாத வரியிலும் வித்தியாசம் ஏறும். எண்ணும் முன் இரண்டு பிரதியையும் பைதானில் இதில் போட்டு ஒரேவிதமாக்க வேண்டும்:

```
import unicodedata
unicodedata.normalize("NFC", text)
```

கதிரவன்
மரியாதைப் பன்மை ஆக்குவது வேலை இல்லையா? யாரை ‘அவன்’ என்றே விட வேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் யோசிக்க வேண்டுமே.

பொன்னி
யோசிக்க வேண்டும்தான். ஆனால் அந்த யோசனையின் அளவை 100 என்ற எண் சொல்லவில்லை. விட்டுவைத்த ‘அவன்’ அதில் பூஜ்யம்.

செல்வி டீச்சர்
என் வகுப்பிலும் இதே தொல்லை. ஒரு மாணவன் கருவி எழுதிய கட்டுரையில் பாதிச் சொல்லை மாற்றிக் கொண்டுவந்தான். ‘மிகவும்’ எல்லாம் ‘மிக’, ‘ஆனால்’ எல்லாம் ‘எனினும்’. வாதம், உதாரணம், பத்தி வரிசை எல்லாம் வரைவில் இருந்தபடியே. மலர், நீங்கள் செய்ய வேண்டியது இது: மாற்றங்களைத் தடம் காட்டும் வசதியைப் போட்டு வையுங்கள். பொருள் மாறிய இடம், நடை மாறிய இடம், ஒற்று மட்டும் சேர்த்த இடம் என்று மூன்று நிறம் கொடுங்கள். பொருள் மாறிய இடத்தில் மூல வாக்கியத்தைக் குறிப்பாக ஒட்டுங்கள். பட்டியலைக் கூலிச் சீட்டோடு அனுப்புங்கள்.

மலர்
டீச்சர், நான் கேட்பது காப்பியடித்தலைப் பற்றி இல்லை. நிறம் போடும் நேரத்துக்கு யார் கூலி தருவார்கள்? பொன்னி, அந்த மருந்துத் தாளை நீங்கள் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். ஒகர வித்தியாசங்கள் போனதும் என் சதவீதம் இன்னும் குறைந்துவிட்டது.