உதவி தேவை: "தேவைப் பகுதி உணர்ச்சிவசமாக இருக்கிறது" என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது

தகடூர்க்காரி

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். மூன்று குக்கிராமங்கள், மொத்தம் 214 வீடுகள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். குடிக்க, சமைக்க மட்டும் புளோரைடு நீக்கிய தண்ணீர் கொடுக்கலாம் என்று ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதிக்கு விண்ணப்பித்தோம். "உணர்ச்சி அதிகம், ஆதாரம் குறைவு, திருத்தி அனுப்புங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. இருபது நாள் அவகாசம். ஏன் இந்த நிதி தேவை என்று சொல்லும் தேவைப் பகுதியில் நாங்கள் எழுதியது இது:

"பால்போல் சிரிக்க வேண்டிய பிஞ்சு முகங்களில் மஞ்சள் கறை. முதுகு வளைந்த தாய்மார்கள் தினமும் விஷத்தைக் குடித்து வாழ்கிறார்கள். எங்கள் கிராமங்களில் சுத்திகரிப்பு நிலையம் இல்லாததே இந்த அவலத்துக்குக் காரணம்."

கையில் இருக்கும் ஆதாரம்: ஐந்து கிணறுகளின் பரிசோதனை, லிட்டருக்கு 1.9 முதல் 3.2 மில்லிகிராம். பள்ளியில் 62 பிள்ளைகளில் 41 பேருக்குப் பல்லில் கறை. அதை நாங்களே பார்த்து எண்ணினோம். இதை எப்படி மாற்றி எழுதுவது?

வெள்ளைத்தாள்

பிஞ்சு, அவலம், விஷம் எல்லாவற்றையும் வெட்டுங்கள். அந்த இடத்தில் தேசிய, மாநிலப் புள்ளிவிவரங்களை நிறையப் போடுங்கள். எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நம்புவார்கள்.

வேப்பமரம்

எனக்கு இது புரியவில்லை. நாங்கள் முதியோர் இல்லம் நடத்துகிறோம். ஒரு பாட்டியின் படம் போட்டு நாலு வரி எழுதினால் பணம் வருகிறது. எண் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உணர்ச்சியை ஏன் எடுக்க வேண்டும்?

பழைய கணக்கு

வேப்பமரம் ஐயா, உங்களுக்குக் கொடுப்பவர் தன் பணத்தைக் கொடுக்கிறார், மனம் இளகினால் போதும். சி.எஸ்.ஆர். அதிகாரி நிறுவனத்தின் பணத்தைக் கொடுக்கிறார். நாளை குழுவில் ஒருவர் "ஏன் இந்த ஊர்?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஏழு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் படித்தவன் நான். படிக்கும்போது கண் கலங்கிய விண்ணப்பங்களைக்கூடக் குழுவுக்கு எடுத்துப் போக முடியாமல் வைத்துவிட்டிருக்கிறேன்.

தகடூர்க்காரி அம்மா, சொற்களை வெட்டுவது சுலபம், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய ஓட்டை "சுத்திகரிப்பு நிலையம் இல்லாததே காரணம்" என்ற வரியில் இருக்கிறது. நீங்கள் செய்ய நினைப்பதையே பிரச்சினையாக எழுதிவிட்டீர்கள். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் புளோரைடு கரைகிறது, மக்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. பிரச்சினை அதுதான். நிலையம் அதற்கு ஒரு வழி மட்டும்.

வெள்ளைத்தாள் சொன்னதில் பாதி சரி. ஆனால் மாநில எண் உங்கள் ஊரைப் பற்றி எதுவும் சொல்லாது. மூன்று கேள்விகள் கேட்கிறேன். தண்ணீரைப் பரிசோதித்தது யார், எந்த மாதம்? ஐந்து கிணறுகளும் எங்கே இருக்கின்றன? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடு பாதிப்புக்காக ஜப்பான் கடனுதவியோடு வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அப்படியிருக்க உங்கள் ஊருக்கு ஏன் தனியாகத் தண்ணீர்? குழுவில் முதலில் வரும் கேள்வி இதுதான்.

தகடூர்க்காரி

ஐயா, சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஒருவர் போன கோடையில் இலவசமாகப் பரிசோதித்துக் கொடுத்தார். கூட்டுக் குடிநீர்க் குழாய் கீழூர் வரை வந்துவிட்டது. அங்கே இரண்டு கிணறுகள் இருந்தாலும் குடிக்கக் குழாய்த் தண்ணீர்தான். மேட்டில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குக் குழாய் இன்னும் போகவில்லை. அங்கே 138 வீடுகள், மூன்று கிணறுகள். அந்த மூன்றில்தான் 2.4 முதல் 3.2 வரை வந்தது.

பழைய கணக்கு

அப்போ உங்கள் தேவை 214 வீடு இல்லை, 138 வீடு. கீழூரை எடுத்துவிடுங்கள், நிதிக் கோரிக்கையையும் அதற்கேற்பக் குறையுங்கள். "கீழூருக்குக் குழாய் வந்துவிட்டது, அதனால் சேர்க்கவில்லை" என்று நீங்களே எழுதினால், மற்ற எண்களையும் ஒழுங்காகத்தான் எண்ணியிருப்பீர்கள் என்று படிப்பவருக்குத் தோன்றும்.

இயந்திரம் விற்பவர் கொடுத்த முடிவை வைக்காதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மூன்று கிணற்றுக்கும் மறுபடி பரிசோதனை செய்யுங்கள். மாதிரி எடுத்த தேதி, எந்தக் கிணறு என்று அறிக்கையில் இருக்கட்டும். மழைக்கு முன்பும் பின்பும் அளவு மாறலாம், ஆகவே ஒரு தடவை எடுத்ததை வருடம் முழுவதற்கும் சொல்லக் கூடாது. ஒப்பிட ஒரு அளவுகோலும் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-ன்படி 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. அதைப் பக்கத்தில் வைத்தால்தான் 2.4 என்ற எண்ணுக்கு அர்த்தம் வரும்.

பல்லாங்குழி

நான் பல் மருத்துவம் படித்தவள். அக்கா, அந்த 41 பிள்ளைகள் விஷயத்தில் கவனம். பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீரால்தான் இந்தக் கறை வரும், ஏறக்குறைய எட்டு வயது வரை. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கறை இன்றைய தண்ணீரைக் காட்டாது, அவன் சிறுவனாக இருந்தபோது குடித்ததைக் காட்டும். நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அது மாறாது. எல்லாக் கறையும் புளோரைடால் வருவதும் இல்லை. ஒரு பல் மருத்துவரை ஒரு நாள் பள்ளிக்கு வரச் சொல்லிப் பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.

தகடூர்க்காரி

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பிள்ளைகளின் பல் வெளுக்கும் என்றுகூட எழுதியிருந்தோம், அதை எடுத்துவிடுகிறேன். மேட்டில் இருக்கும் இரண்டு ஊர்களில் எட்டு வயதுக்குள் 57 குழந்தைகள் இருக்கிறார்கள். திருத்தியதைப் பாருங்கள். வாரிய ஆய்வக முடிவு வந்ததும் எண்களை நிரப்புவேன்:

"மேட்டிலுள்ள இரண்டு குக்கிராமங்களின் 138 வீடுகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் மூன்று ஆழ்துளைக் கிணறுகளே ஆதாரம். இவற்றில் புளோரைடு லிட்டருக்கு __ முதல் __ மில்லிகிராம். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1.5. பெண்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள், ஆனால் கொதிக்க வைப்பதால் புளோரைடு நீங்காது. நிலைத்த பற்கள் உருவாகும் வயதில் இங்கே 57 குழந்தைகள் உள்ளனர். மூத்த பிள்ளைகளின் பற்களில் ஏற்கெனவே உள்ள கறை மாறாது. இந்த 57 பேருக்குப் புதிதாகப் பாதிப்பு சேராமல் தடுக்க முடியும். கூட்டுக் குடிநீர் வந்துவிட்ட கீழூர் இதில் சேர்க்கப்படவில்லை."

பழைய கணக்கு

இதை நான் குழுவுக்கு எடுத்துப் போவேன். கொதிக்க வைக்கும் வரியை எடுத்துவிடாதீர்கள். தங்களால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கும் தாய்மாரை அது காட்டுகிறது, உருக வைக்க ஒரு சொல்கூட இல்லாமல். ஒன்று குறைகிறது: மேட்டுக்குக் குழாய் எப்போது வரும்? ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றால் நிலையம் கேட்பதில் அர்த்தமில்லை.

வெள்ளைத்தாள்

முதுகு வளைந்த தாய்மார்களையும் விடலாமா? அங்கே மூட்டு வலி நிறையப் பேருக்கு உண்டே.

பல்லாங்குழி

வயதானவர்களின் மூட்டு வலிக்குப் பல காரணம் இருக்கும். மருத்துவர் பார்த்து எக்ஸ்ரே எடுக்காமல் புளோரைடு மேல் போட முடியாது. நான் விட்டுவிடுவேன்.

வேப்பமரம்

நான் விடமாட்டேன். அந்த அம்மாக்கள் ஒரு வரியிலாவது இருக்க வேண்டும். காரணம் சொல்லாமல், வலியோடு அவர்கள் எவ்வளவு தூரம் குடம் சுமக்கிறார்கள் என்று மட்டும் எழுதலாமே.

தகடூர்க்காரி

இரண்டையும் யோசிக்கிறேன். நாளைக் காலை மூன்று கிணற்றிலும் மாதிரி எடுக்கப் போகிறோம், அப்படியே ஒன்றிய அலுவலகத்துக்கும் போய்வருகிறேன். குழாய் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வந்து எழுதுகிறேன்.