மஞ்சள் ரேஞ்சருக்கு ஏன் பாவாடை இல்லை? டூப்பைக் கண்டுபிடித்த கதைகளைப் போடுங்கள்

ஓர்ஸ்ஹில்காரி

அக்காவின் மகன் லீவுக்கு வந்து நிற்கிறான். பகல் முழுக்க பழைய பவர் ரேஞ்சர்ஸ்தான் ஓடுகிறது, நானும் சமைத்துக்கொண்டே பாதிக் கண்ணால் பார்த்துவிடுகிறேன். நேற்று அவன் கேட்டான், "சித்தி, பிங்க் ரேஞ்சருக்குக் குட்டைப் பாவாடை இருக்கு, மஞ்சள் ரேஞ்சருக்கு ஏன் இல்லை? ரெண்டு பேரும் பொம்பிளைப் பிள்ளைகள்தானே?" நாங்கள் சின்ன வயதில் எத்தனை தரம் பார்த்திருப்போம், எனக்கு இது ஒருநாளும் கண்ணில் படவில்லை! மஞ்சள் உடுப்புக்குள் வேறு யாரோ டூப் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். விஷயம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். அதோடு இப்படி நெடுநாள் ஓடிய சண்டைத் தொடர்களில் நீங்கள் டூப்பைக் கண்டுபிடித்த கதை, டூப் போட்டவரோடு பழகிய கதை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

உப்புவெளி கசெட் கடை

தங்கச்சி, உங்கள் மருமகன் கெட்டிக்காரன். கடை வைத்திருந்த காலத்தில் அந்தக் கசெட்டுகளை வாடகைக்குக் கொடுத்தே எனக்கு மனப்பாடம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1993இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தத் தொடரின் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் எடுத்ததே இல்லை. ஜப்பானில் தோஎய் நிறுவனம் சூப்பர் சென்டாய் என்று 1975இலிருந்து கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு குழுவாக எடுத்துக்கொண்டு வந்தது. அதில் 1992இல் வந்த ஸ்யூரேஞ்சர் தொடரின் சண்டைகளை வாங்கி, ஹெல்மெட் போடாத காட்சிகளை மட்டும் அமெரிக்க நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்து ஒட்டினார்கள். ஸ்யூரேஞ்சரில் மஞ்சள் வீரன் ஆண். பிங்க் மட்டும்தான் பெண். அமெரிக்கக் கதையில் மஞ்சளை ட்ரினி என்ற பெண்ணாக மாற்றினார்கள், நடித்தவர் துய் ட்ராங். ஜப்பான் படச்சுருளில் இருக்கிற உடுப்பை எப்படி மாற்றுவது? அதுதான் பாவாடை இல்லை. முகம் அமெரிக்கப் பெண், உடம்பு ஜப்பான்காரர் ஒருவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருகிற குரல் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தது.

எந்த ஷொட் எங்கே எடுத்தது என்று கண்டுபிடிப்பதும் லேசு. படத்தின் நிறமும் துகளும் மாறும். பச்சை ரேஞ்சரின் தங்கக் கவசத்தைப் பாருங்கள், ஜப்பான் ஷொட்டில் கவசம் மாதிரி விறைப்பாக நிற்கும், அமெரிக்க ஷொட்டில் துணி மாதிரித் தொய்யும். ஒரே சண்டையில் ரெண்டும் மாறி மாறி வரும்.

கிண்ணியா நானா

அது சரி. மஞ்சள் என்றால் எப்பவும் ஆம்பிளைதான், பிங்க்தான் பொம்பிளை. ஜப்பான்காரன் எல்லா வருசமும் அப்படித்தான் எடுத்தான். பிங்க் உடுப்புக்குள்ள நிற்கிறதும் அசல் பொம்பிளைதான், நடையைப் பார்த்தாலே விளங்கும்.

உப்புவெளி கசெட் கடை

நானா, பாதி சரி. மஞ்சள் பெண்ணாக இருந்த வருடங்கள் சென்டாயில் எத்தனையோ இருக்கின்றன, ஸ்யூரேஞ்சர் ஒன்றை வைத்து முடிவு கட்டக்கூடாது. பிங்க் நடையைப் பற்றிச் சொன்னீர்களே, அங்கேதான் ஆகப்பெரிய பகிடி. ஹச்சிசுகா யூய்ச்சி என்று ஒரு சண்டைக் கலைஞர், பல வருடங்கள் பெண் வீராங்கனைகளின் உடுப்புக்குள் நின்றதற்கே பேர் போனவர். ஆம்பிளை. தோளைச் சுருக்கி, முழங்காலைச் சேர்த்து, கையை உடம்போடு ஒட்டி வைத்து நிற்பார். நீங்கள் பார்த்த நடை அப்படி ஒருவர் பழகி எடுத்த நடையாகவும் இருக்கலாம்.

கிண்ணியா நானா

யா அல்லா. சரி, விட்டுட்டேன்.

மூதூர் மைந்தன்

டப்பிங் பற்றித்தானே கேட்கிறீர்கள்? தமிழில் வருகிற கார்ட்டூன்களில் வில்லனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே குரல்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே கண்டுபிடிப்பேன். அவர்கள் பேரையும் போடுவதில்லை.

ஓர்ஸ்ஹில்காரி

தம்பி, கேட்டது டப்பிங் இல்லை, டூப். ஆனால் பேர் போடாத விஷயம் ரெண்டுக்கும் பொருந்தும்தான்.

உப்புவெளி கசெட் கடை

தம்பி கேள்வியை மாற்றி விளங்கினாலும் குரலை இழுத்தது நல்லது. இந்தத் தொடரிலேயே குரலையும் உடம்பையும் சேர்த்து டூப் போட்ட ஒரு கட்டம் இருக்கிறது.

இரண்டாவது சீசன் நடக்கும்போது சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று பேருக்கு நடித்தவர்கள் சம்பளப் பிரச்சினையில் விலகிவிட்டார்கள். தொடர் நிற்க முடியாது, வாராவாரம் போகவேண்டும். முன்பு எடுத்து மிஞ்சிய துண்டுகளைத் திரும்பப் போட்டார்கள். ஹெல்மெட் போட்ட காட்சி என்றால் உள்ளே யார் நின்றாலும் ஒன்றுதானே, அதனால் அந்த மூவரும் அடிக்கடி ஹெல்மெட்டோடேயே நின்று கதைப்பார்கள். ஹெல்மெட் இல்லாமல் காட்டவேண்டி வந்தால் தூரத்தில், முதுகுப்பக்கம், கூட்டத்தின் ஓரத்தில் அதே உடுப்போடு ஆட்கள் நிற்பார்கள். குரலும் அந்தக் குரல் போலவே ஒன்று. அப்புறம் சுவிட்சர்லாந்தில் சமாதான மாநாடு என்று ஒரு கதை கட்டி மூவரையும் அனுப்பிவிட்டு, "த பவர் டிரான்ஸ்ஃபர்" என்ற இரண்டு பாகக் கதையில் புது ஆட்களிடம் சக்தியைக் கொடுத்தார்கள். அந்தக் கதைக்கு முன்னால் வருகிற பகுதிகளைத் திரும்பப் பாருங்கள். நண்பர்கள் ஆறு பேரும் ஒன்றாக இருக்கிற இடத்தில் மூன்று பேர் மட்டும் கமராவுக்கு முகத்தைத் திருப்பவே மாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். கடைக்கு வந்த ஒரு பொடியன் என்னிடம் கேட்டான், "மாமா, இவங்கள் கோபமா? ஏன் முகம் காட்டுறாங்கள் இல்லை?"

நிலாவெளி வள்ளக்காரன்

நான் டூப் போட்டவன். சிரிக்காதீர்கள்.

சுற்றுலாக்காரரைப் புறாத்தீவுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த காலம். ஒரு நாடகத் தொடருக்கு ஷூட்டிங் என்று வந்தார்கள், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். கதாநாயகன் ஓடுகிற வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குப் பாயவேண்டும். அந்த ஐயாவுக்கு நீச்சலும் தெரியாது, வள்ளத்தில் நிற்கவே கால் நடுங்குகிறது. என் உயரம் அவருடைய உயரம், தலைமயிர் மட்டும் வேறு, தொப்பி போட்டுவிட்டார்கள். அவருடைய சேர்ட்டில் இன்னொன்று அதே மாதிரி வைத்திருந்தார்கள், அதை எனக்குத் தந்தார்கள்.

பாய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை, நாங்கள் பிறந்ததிலிருந்து செய்கிறதுதான். கஷ்டம் வேறு இடத்தில். எங்கள் ஆட்கள் பாய்ந்தால் முகம் தானாக முன்னுக்குப் போகும், கால் எங்கே விழும் என்று பார்க்கவேண்டுமே. அவர்கள் சொன்னது, பாயும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள். கால் வைக்கிற இடத்தைப் பார்க்காமல் பாய்வது எப்படி என்று நீங்களே யோசியுங்கள். முழங்கால் வள்ளத்தின் விளிம்பில் அடிபட்டது, மாரிகாலத்தில் இன்றைக்கும் உளைகிறது. காசு தந்தார்கள், சாப்பாடும் தந்தார்கள், அதைக் குறை சொல்லமாட்டேன். நாடகம் போனபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடைசிவரை பேர் ஓடுகிறதைப் பார்த்தேன். சாப்பாடு தந்தவரின் பேர் இருந்தது. என் பேர் இல்லை.

கிண்ணியா நானா

தம்பி, அந்தப் பாய்ச்சல் திரையில் எவ்வளவு நேரம் வந்தது?

நிலாவெளி வள்ளக்காரன்

கண் மூடித் திறக்கிற நேரம், நானா. என் மகள் மட்டும் "அது அப்பாட கால்" என்று சொல்லிவிட்டாள்.

கோணேசபுரி கம்பஸ்

வள்ளக்கார அண்ணா சொன்ன முகத்தை மறைக்கிற கஷ்டம் ஒரு பக்கம். முழு உடம்பையும் மறைத்துக்கொண்டு நடிக்கிறவர்கள் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் கமென் ரைடர் என்ற ஜப்பான் முகமூடி வீரன் தொடர்களில் பைத்தியம் எனக்கு.

தக்காஇவா செய்ஜி என்று ஒருவர். 2001இலிருந்து 2019 வரைக்கும், ஒரு வருடம் தவிர, கமென் ரைடர் தொடரின் முதன்மை வீரனின் உடுப்புக்குள் நின்றவர் இவர்தான். வருடாவருடம் முகம் காட்டுகிற நடிகர் புதிதாக வருவார், உள்ளே ஆள் இவர். 2007இல் வந்த டென்-ஓவைப் பார்த்தால்தான் இது வெறும் சண்டை வேலை இல்லை என்று விளங்கும். கதாநாயகன் ஒரு பயந்தாங்கொள்ளி, அவன் உடம்புக்குள் வேறு வேறு பேய் மாதிரியான ஆட்கள் புகுந்து சண்டை போடுவார்கள். ஒருவன் முரடன், ஒருவன் மினுக்கிக் கதைக்கிறவன், ஒருவன் சுமோ வீரன் மாதிரிப் பாரமாக நிற்கிறவன், ஒருவன் ஆடிக்கொண்டே சுடுகிற சின்னப்பிள்ளை. நால்வரும் தக்காஇவாதான். வாய் தெரியாது, கண் தெரியாது. நிற்கிற விதத்திலேயே யார் வந்திருக்கிறான் என்று சொல்லவேண்டும். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், அப்போதும் கண்டுபிடிக்க முடிகிறது.

இன்னொரு விஷயம், இந்தத் தொடர்களுக்கு உடுப்பு ரெண்டு வகையாகச் செய்வார்கள். கிட்டத்தில் காட்டுவதற்கு மினுமினுப்பான, பாரமான ஒன்று, உருண்டு பிரளுவதற்கு மெதுவான ஒன்று. கிட்ட ஷொட்டில் பளபளக்கிற கவசம் அடுத்த ஷொட்டில் மங்கலாக, மடிகிற மாதிரித் தெரிந்தால் இப்போது விழப்போகிறார் என்று அர்த்தம். நான் இதை வைத்து முன்கூட்டியே சொல்லித் தம்பியின் உயிரை எடுப்பேன்.

ஓர்ஸ்ஹில்காரி

அப்படிப்பட்டவருக்காவது பேர் போடுகிறார்களா?

கோணேசபுரி கம்பஸ்

போடுவார்கள், ஆனால் ஒரு கூட்டமாக. சண்டைக் குழுவின் ஆட்களுடைய பேர்கள் வரிசையாக ஓடும், இன்னார் இன்ன வேடம் என்று இருக்காது. ரசிகர்கள்தான் உட்கார்ந்து கண்டுபிடித்து எழுதி வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வீரன் ஒரே ஆளாகத் தெரியவேண்டும் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்.

உப்புவெளி கசெட் கடை

அதிலாவது கூட்டமாக இருக்கிறது. அமெரிக்கத் தொடரில் நான் பார்த்த கசெட்டுகளில் தோஎய் பேர் வரும், அந்த மஞ்சள் உடுப்புக்குள் நின்ற ஜப்பான்காரரின் பேர் வராது. அங்கே நடந்த ஷூட்டிங்கில் வேலை செய்தவர்கள் சிலர் மேலே வந்துவிட்டார்கள். பிங்க் ரேஞ்சருக்கு டூப் போட்ட சோஃபியா க்ரோஃபர்ட் பிறகு பஃபி என்ற இன்னொரு அமெரிக்கத் தொடரில் முதல் நாலு சீசனும் கதாநாயகிக்கு டூப். ரெண்டையும் பார்த்தவர்கள் ஒரே ஆளின் உதையைத்தான் ரெண்டு தொடரிலும் பார்த்திருக்கிறார்கள். சண்டைப் பகுதியில் வேலை பார்த்த சக்கமோட்டோ கொய்ச்சி அதே பவர் ரேஞ்சர்ஸுக்கு இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும் ஆனார்.

பிள்ளைகளின் கனவு கெடும் என்கிற நியாயத்தை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கடைசியில் ஓடுகிற பேரை எந்தப் பிள்ளை வாசிக்கிறது?

மூதூர் மைந்தன்

என் தங்கச்சி வாசிப்பாள். சிவப்பு ரேஞ்சரை ரெண்டு பேர் சேர்ந்து செய்தார்கள் என்று தெரிந்து மூன்று நாள் அழுதாள்.

நிலாவெளி வள்ளக்காரன்

அழட்டும். எனக்கு வேடமெல்லாம் எழுதத் தேவையில்லை, "வள்ளத்தில் பாய்ந்தவர்" என்று கடைசி வரியில் போட்டிருந்தாலே போதும். அடுத்த ஷூட்டிங்காரனிடம் அதைக் காட்டிக் கூலி கேட்டிருப்பேன். பேர் இல்லாததால், முன்பு செய்திருக்கிறேன் என்று சொன்னால் ஒருவனும் நம்பவில்லை, திரும்பவும் முதல்நாள் கூலிதான்.

கோணேசபுரி கம்பஸ்

அண்ணா, அந்த நாடகம் எங்கேயாவது ஏற்றியிருக்கிறார்களா? பேர் சொல்லுங்கள், நான் தேடிப் பார்க்கிறேன்.

நிலாவெளி வள்ளக்காரன்

தனியாக அனுப்புகிறேன் தங்கச்சி. தொப்பி போட்டவன் நான், தொப்பி இல்லாதவன் அவர்.