புதுப்பிப்பு: வேதியியல் ஆசிரியைக்கு எழுதிய கடிதம்

முன்பு கேட்டது: "பதினொன்றாம் வகுப்பு மகளுக்கு மோல் கணக்கு வரவில்லை. தனியாகச் சொல்லித்தரும்படி டீச்சருக்குக் கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதுவது?"

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "பலவீனம் என்று எழுதாதீர்கள், தப்பான விடை ஒன்றை அப்படியே எழுதுங்கள்" என்றார். அப்படியே செய்தேன்:

"வணக்கம் மேடம். 36 கிராம் நீரில் எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள் என்ற கணக்கில், 36-ஐ 18-ஆல் வகுத்து 2 மோல் என்று சரியாக எடுக்கிறாள். அவகாட்ரோ எண்ணால் பெருக்கி 1.2044 × 10²⁴ என்று முடித்துவிடுகிறாள். மூலக்கூறையும் அணுவையும் ஒன்றாக நினைக்கிறாள் போலிருக்கிறது. இரண்டு நாள் மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா?"

மேடம் மறுநாளே மகளைக் கூப்பிட்டார். இரண்டு டஜன் சைக்கிளில் எத்தனை சக்கரம் என்றாராம். இவள் உடனே 48 என்றிருக்கிறாள். "அப்போ 2 மோல் நீரில் ஹைட்ரஜன் எத்தனை மோல்?" 4 மோல், அதாவது 2.4088 × 10²⁴ அணுக்கள். இப்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எதை எண்ணினோம் என்று எழுதுகிறாள்.

22.4 லிட்டரால் வகுத்தால் போதும் என்று சொன்ன நண்பருக்கு: அது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள வாயுக்களுக்குத்தான். ஒரு மோல், அதாவது 18 கிராம் திரவ நீர் சுமார் 18 மில்லிலிட்டர்தான் இருக்கும்.

எந்தப் பொருள் முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் என்று பார்க்கும் வினைக்கட்டுப்பாட்டுக் காரணிக் கணக்கு மட்டும் இன்னும் தடுமாறுகிறது. குறைந்த கிராம் உள்ளதே முதலில் தீரும் என்கிறாள். அதற்கு மேடம் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.