64 பக்க ஸ்ட்ரக்சரல் ஆடிட் அறிக்கையை ஒரே பக்கமாக்க வேண்டும். எங்கே தப்பு செய்கிறேன்?

செம்பூர் செயலாளர்

வணக்கம். மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பு சொசைட்டி 1984-இல் கட்டியது. தரைத்தளமும் மேலே நான்கு மாடியும், மொத்தம் 24 வீடு. முப்பது வயது தாண்டிய கட்டடம் என்பதால் அதன் உறுதியைச் சோதிக்கும் ஸ்ட்ரக்சரல் ஆடிட் செய்தோம். 64 பக்க அறிக்கை வந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் பொதுக்குழு. அதற்குள் வீட்டுக்கு ஒரு தாள் கொடுக்க வேண்டும். நான் வங்கியில் ஓய்வு பெற்றவன், சிமெண்ட் மூட்டையின் எடை தவிர வேறு ஒன்றும் தெரியாது.

நான் எழுதியது இதுதான்:

> நமது கட்டடம் சி2-பி வகையைச் சேர்ந்தது. மீயொலி வேகச் சோதனையில் சராசரி நொடிக்கு 3.4 கிலோமீட்டர், இது நடுத்தரம். ஹாஃப் செல் சோதனை செய்த 12 இடங்களில் 7-இல் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டியுள்ளது, அதாவது 90% கம்பி துருப்பிடித்துவிட்டது. கார்பனேஷன் ஆழம் 35 முதல் 40 மி.மீ. ஜாக்கெட்டிங் பரிந்துரைக்கப்படுகிறது. மதிப்பீடு 60 லட்சம்.

என் மனைவி படித்துவிட்டு, "அப்போ வீட்டைக் காலி பண்ணணுமா?" என்றாள். மூன்றாம் மாடிப் பெரியவர், "நடுத்தரம்தானே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். ஒரே தாள், இரண்டு பேருக்கு நேர்மாறாகப் புரிகிறது. எங்கே சறுக்கினேன்?

பவாய் பிரியா

சார், எண் எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். மில்லிவோல்ட் யாருக்கு வேண்டும்? சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வட்டம் போட்டு உங்கள் கட்டடம் மஞ்சள் என்று காட்டுங்கள். ஐந்து நொடியில் புரியும். நான் டிசைன் வேலையில் இருப்பவள், வேண்டுமானால் வரைந்து தருகிறேன்.

மாட்டுங்கா மாமா

செயலாளர் ஸார், அவசரப்பட்டு அந்த அறிக்கையை ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் கட்டடத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு ஆடிட்டர் இடிக்கணும் என்றார், நாங்கள் வைத்த இன்னொருவர் ரிப்பேர் போதும் என்றார். இரண்டு அறிக்கை முரண்பட்டால் மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவிடம் போகும். உடனே இரண்டாவது ஆடிட் எடுங்கள்.

செம்பூர் செயலாளர்

மாமா, அறிக்கையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, இடிக்கவும் சொல்லவில்லை. அதைப் புரியும்படி எழுதத்தான் தெரியவில்லை.

கந்தசாமி, நவி மும்பை

ரிப்பேர் ஆலோசனையில் இருபது வருடம் இருக்கிறேன். எங்கள் அறிக்கைகள் படிக்க முடியாதபடி இருப்பதற்கு நாங்களும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் அந்த 90%. அதை இன்றே அழித்துவிடுங்கள். ஹாஃப் செல் சோதனையில் மைனஸ் 350-ஐத் தாண்டிய அளவு சொல்வது, சோதித்த அந்த இடத்தில் துருப்பிடிப்பு நடந்துகொண்டிருக்க 90%-க்கு மேல் வாய்ப்பு உண்டு என்பதை மட்டும்தான். எவ்வளவு கம்பி போய்விட்டது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அந்தச் சோதனை சொல்லவே சொல்லாது. நீங்கள் எழுதியபடி பார்த்தால் பத்தில் ஒரு பங்கு கம்பிதான் மிச்சம். உங்கள் மனைவி காலி பண்ணணுமா என்று கேட்டதில் தப்பே இல்லை.

அடுத்தது அந்தச் சராசரி. உங்கள் பெரியவரை ஏமாற்றியது அதுதான். மீயொலி கான்கிரீட்டுக்குள் எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அந்த அளவுக்குக் கான்கிரீட்டின் தரம் சந்தேகம். அறிக்கையில் ஒவ்வொரு பில்லருக்கும் தனித்தனி வேகம் இருக்கும். அந்த அட்டவணையைப் பார்த்து 3-க்குக் கீழே எத்தனை பில்லர், அவை எங்கே என்று சொல்லுங்கள்.

செம்பூர் செயலாளர்

பார்த்தேன் சார். தரைத்தளத்தில் 20 பில்லர் சோதித்திருக்கிறார்கள். 15 பில்லர் 3.5 முதல் 3.9 வரை. மீதி 5 பில்லர் 2.4 முதல் 2.8 வரை. ஐந்தும் பின்பக்கம், பாத்ரூம் குழாய்கள் இறங்கும் வரிசையில்.

கந்தசாமி, நவி மும்பை

பார்த்தீர்களா? 15 நல்ல பில்லர், 5 சந்தேகத்துக்குரிய பில்லர். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் நடுத்தரம் என்று வரும், ஆனால் உங்கள் கட்டடத்தில் நடுத்தரமான பில்லர் ஒன்றுகூட இல்லை! நல்லது இருக்கிறது, மோசமானது இருக்கிறது. கட்டடம் சராசரியில் நிற்காது, ஒவ்வொரு பில்லரும் தன் பாரத்தைத் தானே சுமக்கிறது. ஆகவே தாளில் வர வேண்டியது "20-இல் 5, பின்பக்கம்" என்பதுதான்.

பிரியா மேடம் சொன்னது பாதி சரி. மில்லிவோல்ட், கிலோமீட்டர் எல்லாம் போகட்டும். ஆனால் பொதுக்குழுவில் கை தூக்கப் போகிறவருக்கு எத்தனை பில்லர், எவ்வளவு பணம், எந்தத் தேதி என்ற மூன்று எண்களும் வேண்டும். மஞ்சள் வட்டமும் வேண்டாம். சிக்னலில் மஞ்சள் விழுந்தால் மும்பையில் யார் வண்டியை நிறுத்துகிறார்கள்? போதாததற்கு உங்கள் தாள் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில்தான் போகும், மூன்று வட்டமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

சி2-பி என்பதை எழுத்தாக விடாமல் பிரித்துச் சொல்லுங்கள். சி1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டும். சி2-ஏ என்றால் காலி செய்து பெரிய ரிப்பேர் அல்லது ஒரு பகுதியை இடிப்பது. சி2-பி என்றால் காலி செய்யாமலே ஸ்ட்ரக்சரல் ரிப்பேர். சி3 என்றால் சில்லறை ரிப்பேர். நான்கையும் தாளில் போடாதீர்கள், உங்களுடையது மட்டும் போதும். ஆனால் "காலி செய்ய வேண்டாம்" என்ற வரியை மட்டும் தனியே விட்டால் "ஒன்றும் அவசரம் இல்லை" என்று படிப்பார்கள். அறிக்கையில் முட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களா?

செம்பூர் செயலாளர்

ஆமாம், 58-ஆம் பக்கத்தில். அந்த 5 பில்லரைச் சுற்றி 15 நாளில் இரும்பு முட்டு, மழைக்கு முன் ரிப்பேர் தொடங்க வேண்டும் என்று. நான் அதை விட்டே விட்டேன். கடைசியில் இருந்ததால் முக்கியமில்லை என்று நினைத்தேன்.

கந்தசாமி, நவி மும்பை

பொறியாளர் சோதனையில் தொடங்கிப் பரிந்துரையில் முடிப்பார். நீங்கள் அந்தப் பக்கத்தை முதல் வரியாக எடுத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அறிக்கையின் பக்க எண்ணைப் பென்சிலில் குறியுங்கள். பக்கம் கிடைக்காத வரி நீங்களாகச் சேர்த்தது.

தாணே சுமதி

நான் மராத்தி, தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறவள். ஒரு சின்ன யோசனை. எழுதியதைக் கொடுத்து "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உங்கள் பையன் ஊரிலிருந்து போன் பண்ணினால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எது கோணலாகிறதோ அந்த வரியைத்தான் மாற்ற வேண்டும். முதல் தடவை நீங்கள் தெரியாமலே இதைத்தான் செய்தீர்கள், மனைவியிடமும் பெரியவரிடமும்.

செம்பூர் செயலாளர்

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றியிருக்கிறேன்:

> நாம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் தரைத்தளத்தில் உள்ள 20 பில்லரில் 5 பில்லர் பலவீனமாக உள்ளன. ஐந்தும் பின்பக்கம், பாத்ரூம் குழாய் வரிசையில். இவற்றுக்கு 15 நாளில் இரும்பு முட்டு வைக்க வேண்டும், மழைக்கு முன் ரிப்பேர் தொடங்க வேண்டும் என்று பொறியாளர் சொல்கிறார்.
>
> ஏன் இப்படி ஆனது: கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்தான் துருவிலிருந்து காக்கிறது. காற்று பட்டுப் பட்டு அந்தக் காக்கும் குணம் வெளியிலிருந்து உள்ளே குறைந்துகொண்டே போகும். கம்பி 25 முதல் 30 மி.மீ. உள்ளே இருக்கிறது, சோதித்த இடங்களில் பாதிப்பு 35 மி.மீ.க்கு மேல் போய்விட்டது. குழாய்க் கசிவும் சேர்ந்தால் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும்.
>
> என்ன செய்வார்கள்: குழாய்க் கசிவை நிறுத்தி, பழுதான கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பில்லரைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை போடுவார்கள்.
>
> செலவு: 60 லட்சம். வீட்டுக்கு 2.5 லட்சம்.
>
> கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: முட்டுக்கு உடனே அனுமதி, ரிப்பேர் நிதியை எத்தனை தவணையில் கட்டுவது.

கந்தசாமி, நவி மும்பை

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடம் மட்டும்.

செலவை இப்படி முடித்துவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் சட்டையைப் பிடிப்பார்கள். பிளாஸ்டரை உடைத்துப் பார்த்த பிறகுதான் சேதம் எவ்வளவு என்று முழுதாகத் தெரியும். செய்த வேலையை அளந்துதான் பில் போடுவார்கள். அறிக்கையின் மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, "உடைத்துப் பார்த்த பின் கூடலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, எதைப் பார்க்கவில்லை என்பதும் வர வேண்டும். எல்லா வீட்டுக்குள்ளும் போனார்களா?

செம்பூர் செயலாளர்

இல்லை. 9 வீடு பூட்டியிருந்தது அல்லது கதவைத் திறக்கவில்லை. எதிர்பாராச் செலவு சேரவில்லை, அதுவும் தனி.

கந்தசாமி, நவி மும்பை

அப்படியானால் "15 வீட்டுக்குள் மட்டுமே பார்க்கப்பட்டது" என்று கட்டாயம் போடுங்கள். என்னைக் கேட்டால் அந்த 9 வீட்டு எண்ணையும் போடுவேன்.

தாணே சுமதி

வீட்டு எண் வேண்டாம் சார். அப்புறம் கூட்டம் முழுக்க யார் கதவைத் திறக்கவில்லை என்ற சண்டையில் போய்விடும், பில்லர் பேச்சே வராது. அவர்களுக்குத் தனியாகக் கடிதம் கொடுக்கலாம்.

கந்தசாமி, நவி மும்பை

கடிதம் கொடுத்தால் திறக்கிறவர்கள் அன்றைக்கே திறந்திருப்பார்கள் மேடம். சரி, அது அவர்கள் சொசைட்டி. செயலாளர் ஸார், எதுவானாலும் இந்தத் தாளை ஆடிட் செய்த பொறியாளருக்கு அனுப்பி, அறிக்கைக்கு மாறாக எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒட்டுங்கள்.

செம்பூர் செயலாளர்

பொறியாளர் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். "பலவீனமாக உள்ளன" வேண்டாமாம், "பலவீனமாக இருப்பதாகச் சோதனை காட்டுகிறது" என்று எழுதச் சொன்னார். மாற்றிவிட்டேன். பெரியவரிடம் சுமதி மேடம் சொன்னபடி கேட்டேன். "அஞ்சு தூண் பின்னாடி, முட்டு உடனே, ரெண்டரை லட்சம், கூடவும் கூடும்" என்றார். 9 வீடு விஷயத்தில் கமிட்டி இன்னும் பிரிந்தே இருக்கிறது.

தாளின் கீழே கால் பக்கம் மிச்சம் இருக்கிறது. அறிக்கையில் உள்ள வரைபடத்தை அப்படியே போடலாமா?

பவாய் பிரியா

அப்படியே வேண்டாம் சார். அதில் பில்லருக்கு சி-7, சி-12 என்று எண்ணும் வடக்கு அம்புக்குறியும்தான் இருக்கும், யாருக்கும் பிடிபடாது. கேட் கீழே, தண்ணீர்த் தொட்டி மேலே, லிஃப்ட் அது இருக்கும் பக்கத்தில் என்று நீங்கள் உள்ளே நுழையும்போது பார்க்கிற மாதிரி வரைகிறேன். 20 சதுரம், அதில் 5 முழுக் கறுப்பு. ஜெராக்ஸிலும் தெரியும். லிஃப்ட் இடப்பக்கமா வலப்பக்கமா என்று மட்டும் சொல்லுங்கள்.